அழிந்தது என்று, தெரிந்தது என்று: சிங்க்கும் பேக்கப்பும்

பாளையங்கோட்டையிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் உள்ள சிறு அலுவலகங்களின் கணினிகளைப் பராமரித்துக் கொடுப்பது என் தொழில். புதிதாக ஓர் அலுவலகத்துக்குப் போகும்போது கோப்புகளுக்குப் பாதுகாப்பு என்ன செய்திருக்கிறீர்கள் என்று முதலில் கேட்பேன். சிலர் அலமாரியிலிருந்து ஒரு ஹார்டு டிஸ்க்கை எடுத்துக் காட்டுவார்கள். வேறு சிலர், எல்லாம் ஆன்லைனில் சிங்க் ஆகிக்கொண்டிருப்பதாகத் திரையின் மூலையில் இருக்கும் மேகப் படத்தைக் காட்டுவார்கள். இரண்டையும் சேர்த்து வைத்திருப்பவர்களை அரிதாகவே பார்க்கிறேன். ஒன்று இருந்தால் மற்றொன்று தேவையில்லை என்ற எண்ணம் எப்படி இழப்பில் முடிகிறது என்பதை, கட்டட வரைபடம் போடும் இரண்டு பொறியாளர்களின் அலுவலகங்களில் அடுத்தடுத்துப் பார்த்தேன். இருவரும் நண்பர்கள், ஒருவருக்கு நேர்ந்ததைப் பார்த்துத்தான் மற்றவர் தம் ஏற்பாட்டை மாற்றினார், மாற்றிய ஏற்பாட்டிலும் கோப்புகள் போயின.

மூத்தவரின் அலுவலகம் வண்ணார்பேட்டைப் பக்கம், ஆற்றுக்குச் சற்றுத் தள்ளித் தரைத்தளத்தில் இருந்தது. அவர் இணையத்தில் கோப்புகளை வைப்பதை விரும்பாதவர். மாதத்துக்கு ஒரு முறை, திட்டங்கள் அடங்கிய ஃபோல்டர் முழுவதையும் வெளி ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுத்து, கணினி மேசையின் கீழ் இழுப்பறையில் வைத்துவிடுவார். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணியில் வந்த வெள்ளத்தில் ஜங்ஷன் பேருந்து நிலையமும், கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகப் பகுதியும் தண்ணீருக்குள் நின்றன. அவருடைய அலுவலகத்தில் மேசை மட்டத்துக்கு மேல் தண்ணீர் நின்றது. கணினியும், அதன் நகலைச் சுமந்த டிஸ்க்கும் ஓரடி இடைவெளியில் ஒரே சேற்றில் கிடந்தன.

தண்ணீர் வடிந்ததும் அவர் டிஸ்க்கைக் கழுவி வெயிலில் காயவைத்து, வேறொரு கணினியில் செருகிப் பார்த்திருக்கிறார். சாதாரண ஹார்டு டிஸ்க் முழுவதுமாக அடைத்து மூடப்பட்ட பெட்டி இல்லை. உள்ளும் புறமும் காற்றழுத்தம் சமமாக இருப்பதற்காக அதில் வடிகட்டியுடன் ஒரு சிறு துளை இருக்கும். வெள்ளத்தில் மூழ்கினால் அந்த வழியாக வண்டல் உள்ளே போய்விடும். படிக்கும் முனை, சுழலும் தட்டுக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத இடைவெளியில் மிதப்பதால், மின்சாரம் கொடுத்தவுடன் அந்த வண்டல் தட்டின் பூச்சைச் சுரண்டத் தொடங்கும். நனைந்த டிஸ்க்குக்கு மின்சாரமே கொடுக்காமல், தூசியற்ற அறை வைத்திருக்கும் மீட்பு நிலையத்துக்கு அனுப்பினால் ஓரளவு வாய்ப்பு உண்டு. ஒரு முறை சுழலவிட்ட பிறகு அந்த வாய்ப்பு பெரும்பாலும் போய்விடுகிறது. என்னிடம் வந்தபோது அந்த டிஸ்க்கிலிருந்து டக் டக் என்ற ஒலி மட்டுமே கேட்டது.

அந்த டிஸ்க் தப்பியிருந்தாலும் அவர் முழுவதும் தப்பியிருக்க மாட்டார் என்பது பேசிக்கொண்டிருந்தபோது தெரிந்தது. கடைசி நகல் தீபாவளிக்கு முன்னால் எடுத்தது. அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 12. ஆக, ஐந்து வாரத்துக்கும் மேற்பட்ட வேலை எந்த நகலிலும் இல்லை. கையால் எடுக்கும் பேக்கப், வேலை நெருக்கடியான மாதங்களில்தான் தவறிப்போகிறது. இழக்கக் கூடாத வேலை நடப்பதும் அதே மாதங்களில்தான்.

இளையவர் பெருமாள்புரத்தில் அலுவலகம் வைத்திருப்பவர். நண்பரின் நிலையைப் பார்த்த அவர், டிஸ்க்கை நம்புவதே தவறு என்று முடிவு செய்து, 2024 பொங்கல் கழிந்ததும் மொத்தத் திட்டங்களையும் ஓர் ஆன்லைன் சேமிப்புச் சேவையின் சிங்க் ஃபோல்டருக்கு மாற்றினார். அலுவலகக் கணினி, அவருடைய வீட்டு லேப்டாப், வரைவாளரின் லேப்டாப் மூன்றும் ஒரே கணக்கில் இணைக்கப்பட்டன. ஏறத்தாழ 70 ஜிபி அளவுள்ள வரைபடங்கள், மதிப்பீட்டுத் தாள்கள், தளப் புகைப்படங்கள் எல்லாம் மூன்று இடத்திலும் இணையத்திலும் இருந்தன. பழைய டிஸ்க்கை அழித்து, அதில் திருமண வீடியோக்களைப் போட்டுவைத்தார்.

அவருடைய நம்பிக்கை ஆதாரமற்றது என்று நான் சொல்ல மாட்டேன். சில மாதங்களிலேயே அலுவலகக் கணினியில் கோப்புகளைத் தாங்கியிருந்த எஸ்எஸ்டி திடீரென்று செத்துப்போனது. புதியதைப் பொருத்தி, கணக்கில் நுழைந்து, இரவு முழுவதும் இறங்கவிட்டதில், மறுநாள் காலை முந்தைய மாலை சேமித்த வரைபடம் வரை எல்லாம் இருந்தன. ஒரு நிமிட வேலைகூடப் போகவில்லை. கருவி செத்துப்போகும் வகை இழப்புக்குச் சிங்க்கைப் போல விரைவான மருந்து வேறில்லை. மாதம் ஒரு முறை எடுக்கும் டிஸ்க் நகலால் அதைச் செய்யவே முடியாது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவருக்கு வேறு ஏற்பாட்டைப் பற்றி யாரும் எடுத்துச் சொல்லும் நிலை இல்லாமல் போனது.

ஆனி மாதம், கல்லூரிகள் திறக்கும் நேரத்தில், வரைவாளர் தம் பழைய லேப்டாப்பைப் பொறியியல் படிக்கப் போகும் அக்காள் மகனுக்குக் கொடுப்பதென்று முடிவானது. கொடுப்பதற்கு முன் அலுவலகக் கோப்புகளை அதிலிருந்து நீக்கிவிட வேண்டும் என்ற பொறுப்புணர்வுடன், அதிக இடம் பிடித்திருந்த 2021, 2022 ஃபோல்டர்களைத் தேர்ந்தெடுத்து அழித்தார். நீக்குவது எல்லாக் கருவிகளிலும் நடக்கும் என்று ஒரு பெட்டி திரையில் வந்திருக்கிறது. அத்தகைய பெட்டிகள் நாள்தோறும் வருவதால் அதையும் ஒப்புக்கொண்டு கடந்துவிட்டார். செய்திருக்க வேண்டியது, சிங்க் நிரலில் முதலில் அந்தக் கணக்கிலிருந்து வெளியேறி, இணைப்பு அறுந்துவிட்டது என்று உறுதி செய்துகொண்டு, அதன் பிறகு உள்ளூர் ஃபோல்டரை அழிப்பது. இணைப்பு இருக்கும்போது அழித்தால், அந்தக் கணினியில் இடம் ஒழிக்கப்படுகிறதா, அலுவலகத்துக்கே அந்தத் திட்டம் வேண்டாமா என்று சிங்க் நிரலுக்குப் பிரித்தறியத் தெரியாது. அதன் வேலை, ஓரிடத்தில் நடந்த மாற்றத்தை மற்ற இடங்களுக்கும் கொண்டுபோவது. அழிப்பதும் ஒரு மாற்றம்தான். அன்று மாலைக்குள் மூன்று கணினியிலும் இணையத்திலும் இரண்டு ஆண்டுத் திட்டங்கள் இல்லாமல் ஆயின.

ஒருவரும் கவனிக்கவில்லை. முடிந்துபோன வீடுகளின் வரைபடத்தை யார் தினமும் திறந்து பார்க்கப் போகிறார்கள்? ஆவணி பிறந்த பிறகு, திசையன்விளைப் பக்கத்துக்காரர் ஒருவர் வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்து, 2022-இல் கட்டிய வீட்டின் மேல் மாடி எடுக்க வேண்டும் என்று அலுவலகத்துக்கு வந்தார். மாடி எடுப்பதற்கு முன் அடித்தளத்தின் அளவும், தூண்களின் கம்பி விவரமும் வேண்டும். அவற்றைத் தேடியபோதுதான் ஃபோல்டரே இல்லை என்பது தெரிந்தது.

“அண்ணாச்சி, 2022 ஃபோல்டரையே காணோம். நாங்க யாரும் அதத் தொடவே இல்லியே. எல்லாம் ஆன்லைன்லதான கெடக்கு, எப்படிப் போவும்?” என்று இளையவர் என்னை அழைத்தார்.

குப்பைத் தொட்டியைப் பார்க்கச் சொன்னேன். அது காலியாக இருந்தது. தனிநபர் கணக்குகளில் கூகுள் டிரைவ், ஒன்டிரைவ், டிராப்பாக்ஸின் இலவசக் கணக்கு ஆகிய மூன்றிலும் அழித்த கோப்பு 30 நாள் மட்டுமே காத்திருக்கும். அவர் பயன்படுத்திய சேவையிலும் அப்படித்தான். அழித்து இரண்டு மாதமாகிவிட்டது. பழைய லேப்டாப்பில் மீட்க முடியுமா என்றால், மாணவர் கையில் அது புதிதாக விண்டோஸ் நிறுவப்பட்டு ஓடிக்கொண்டிருந்தது. மேலும் எஸ்எஸ்டியில் அழித்த இடத்தைக் கணினியே TRIM என்ற கட்டளையால் காலி என்று அறிவித்துவிடுவதால், பழைய ஹார்டு டிஸ்க்கில் ஓரளவு பலன் தரும் மீட்பு நிரல்கள் இங்கே ஏறக்குறைய ஒன்றும் தருவதில்லை. மற்ற இரண்டு கணினிகளின் ரீசைக்கிள் பின்னிலும் எதுவும் கிடைக்கவில்லை.

கிடைத்தவை எல்லாம் அலுவலகத்துக்கு வெளியே சிதறியிருந்தவைதான். வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிடிஎஃப் அவருடைய போனில் இருந்தது. ஒப்புதலுக்காக அச்சிட்ட தாள்கள் ஒரு கோப்பில் இருந்தன. கம்பி கட்டியபோது மேற்பார்வையாளர் எடுத்த படங்கள் சில அவருடைய போனில் மிஞ்சியிருந்தன. இவற்றைக் கொண்டு அந்த ஒரு வீட்டின் வரைபடத்தை மீண்டும் வரைந்தார்கள். பிற வீடுகளின் பிடிஎஃப் கிடைத்தவரை சேகரித்தார்கள். மூலக் கோப்புகள் போனவை போனவைதான்.

இந்த இரண்டு அலுவலகங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்குப் பயன்பட்ட அளவுகோல் ஒன்றுதான்: கோப்பு அழிந்த நாளுக்கும், அழிந்தது தெரிந்த நாளுக்கும் நடுவில் எவ்வளவு காலம் போகும் என்பது. கருவி செத்தால் அந்த நொடியே தெரிந்துவிடும். அப்போது நமக்கு வேண்டியது கடைசி நொடி வரையிலான நகல், அதைச் சிங்க் தருகிறது. யாரோ அழித்தது, தவறான அளவுகளைப் பழைய கோப்பின் மேலேயே சேமித்தது, கோப்பு உள்ளுக்குள் சிதைந்தது போன்றவை தெரியவருவதற்கு மாதங்கள் ஆகலாம். அப்போது வேண்டியது பழைய நிலை, அதைப் பேக்கப் தருகிறது. ஒரு மாதத்தில் காலியாகும் குப்பைத் தொட்டி, உடனே கவனித்தவருக்கு உதவும். பழைய பதிப்புகளை வைத்திருக்கும் வசதியும் இப்படிப்பட்டதுதான்: கூகுள் டிரைவில் வரைபடம் போன்ற கோப்புகளின் பழைய பதிப்பு, நிரந்தரமாக வைக்கும்படி நாம் குறிக்காவிட்டால், 30 நாளிலோ 100 பதிப்புகள் சேர்ந்த பிறகோ நீக்கப்படலாம். வரைபட நிரலான ஆட்டோகேட் தானாக எழுதும் `.bak` கோப்பு முந்தைய ஒரு சேமிப்பை மட்டுமே தாங்கும். இரண்டு முறை சேமித்துவிட்டால் தவறு அதற்குள்ளும் புகுந்துவிடும்.

வீடு கட்டும் தொழிலில் இந்த இடைவெளி ஆண்டுக்கணக்கில் நீளக்கூடியது. மாடி எடுப்பது, பக்கத்து வீட்டுக்காரருடன் எல்லைத் தகராறு, வங்கிக் கடனுக்கான மதிப்பீடு என்று ஐந்தாறு ஆண்டு கழித்தும் ஆள் வருவார்கள். ஆகவே அந்த அலுவலகத்துக்கு எத்தனை காலம் பழைய நிலைகளை வைத்திருக்க வேண்டும் என்ற கேள்விக்கு விடை தொழிலுக்குள்ளேயே இருந்தது.

இளையவர் உடனே இரண்டு டிபி டிஸ்க் ஒன்று வாங்கினார். கணினி தெரிந்த உறவினர் ஒருவர், தினமும் மாலையில் தானாக ஓடும்படி ஒரு வரியையும் எழுதிக் கொடுத்திருந்தார்.

```
robocopy D:\Projects E:\Projects /MIR
```

இது பேக்கப் போலத் தெரியும். டிஸ்க்கும் தனியாகத்தான் இருக்கிறது. ஆனால் `/MIR` என்பதற்குப் பொருள், D-யில் இல்லாததை E-யிலும் நீக்கிவிடு என்பது. வரைவாளர் காலையில் அழித்தது மாலையில் டிஸ்க்கிலும் அழியும். குப்பைத் தொட்டியின் 30 நாள்கூட இங்கே கிடையாது. வெளி டிஸ்க்குக்கு நகலெடுக்கும் நிரல்கள் பலவற்றில் மிரர் என்ற பெயரில் இதே நடத்தை இருக்கிறது. பேக்கப் எடுக்கிறேன் என்று சொல்பவர்களிடம் நான் செய்துபார்க்கச் சொல்லும் சோதனை எளியது: ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கி, பேக்கப் ஓடவிட்டு, கோப்பை அழித்து, மீண்டும் ஓடவிடுங்கள். இரண்டாம் முறைக்குப் பிறகும் அந்தக் கோப்பை டிஸ்க்கிலிருந்து எடுக்க முடிந்தால் அது பேக்கப். முடியாவிட்டால் நீங்கள் வைத்திருப்பது மெதுவாக ஓடும் சிங்க்.

அந்த வரியை எடுத்துவிட்டு ரெஸ்டிக் என்ற இலவச நிரலை வைத்தோம். அது ஒவ்வொரு முறை ஓடும்போதும் ஃபோல்டரின் அன்றைய நிலையை ஒரு ஸ்னாப்ஷாட்டாகப் பதிவு செய்யும். கோப்புகளைத் துண்டுகளாக்கி, ஏற்கெனவே இருக்கும் துண்டை மீண்டும் எழுதாது. ஆகவே முதல் நாள் 70 ஜிபியும் போகும். மறுநாளிலிருந்து மாறியது மட்டும் போகும், என்றாலும் ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டிலும் ஃபோல்டர் முழுவதையும் திறந்து பார்க்கலாம். இன்று அழிக்கப்பட்ட கோப்பு இன்றைய ஸ்னாப்ஷாட்டில் இருக்காது, நேற்றையதில் இருக்கும்.

```
restic -r E:\kaappu init
restic -r E:\kaappu backup D:\Projects --use-fs-snapshot
restic -r E:\kaappu forget --keep-daily 14 --keep-weekly 8 --keep-monthly 36 --keep-yearly 10 --prune
```

முதல் வரி ஒரே ஒரு முறை, டிஸ்க்கைத் தயார்செய்ய. இரண்டாவது தினமும் மாலை ஓடுவது. அதில் கடைசியில் உள்ள சொல், ஆட்டோகேட் திறந்திருப்பதால் பூட்டப்பட்ட கோப்பையும் விண்டோஸின் உதவியோடு நகலெடுக்கச் சொல்கிறது; அதற்கு நிர்வாகி உரிமையில் ஓடவிட வேண்டும். மூன்றாவது வரி வாரம் ஒரு முறை ஓடி, 14 நாள், 8 வாரம், 36 மாதம், 10 ஆண்டு என்ற கணக்கில் ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு நிலையை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்குகிறது. 10 ஆண்டு என்பது மேலே சொன்ன தொழில் கணக்கிலிருந்து வந்தது. கணக்கு எழுதும் அலுவலகத்துக்கோ தட்டச்சுக் கடைக்கோ வேறு எண் பொருந்தலாம்.

இதில் ஓர் ஆபத்து உண்டு, அதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். ரெஸ்டிக் எல்லாவற்றையும் குறியாக்கம் செய்தே எழுதுகிறது. `init` செய்யும்போது கொடுத்த கடவுச்சொல் தொலைந்தால் அந்த டிஸ்க்கிலிருந்து யாராலும் எதையும் எடுக்க முடியாது. கணினியில் மட்டும் சேமித்து வைத்தால், கணினி போகும் அன்றே கடவுச்சொல்லும் போய்விடும். பொறியாளர் அதைத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு ஒரு பிரதியும் தம் தாயாரிடம் ஒரு பிரதியும் வைத்திருக்கிறார்.

சிங்க்கை நிறுத்தவில்லை. மூன்று கணினிகளுக்கிடையே வேலை நடக்க அது வேண்டும். எஸ்எஸ்டி செத்த அன்று அது செய்ததை டிஸ்க் செய்திருக்காது. ஆனால் சிங்க்கில் ஓர் அமைப்பை மாற்ற வேண்டியிருந்தது. இடம் மிச்சப்படுத்துவதற்காகச் சில கோப்புகளைப் பெயர் மட்டும் கணினியில் காட்டி, உள்ளடக்கத்தை இணையத்தில் வைத்திருக்கும் முறையில் இந்தச் சேவைகள் இயங்கக்கூடும். அப்படி இருந்தால் பேக்கப் நிரல் அந்தப் பெயரைக் கடந்து போகலாம், அல்லது ஒவ்வொன்றையும் இறக்க முயன்று இணையம் இல்லாத மாலையில் பிழையோடு நிற்கலாம். ஒன்டிரைவில் ஃபோல்டரை வலச்சொடுக்கி Always keep on this device என்பதையும், கூகுள் டிரைவின் கணினி நிரலில் Mirror files என்பதையும் தேர்ந்தெடுத்தால் முழுக் கோப்பும் கணினியில் இருக்கும். பேக்கப் எடுக்கப்படும் ஒரு கணினியிலாவது இப்படி வைத்தே ஆக வேண்டும், மூன்றிலும் வேண்டியதில்லை.

வண்ணார்பேட்டை இழுப்பறையை நினைவில் வைத்து, இரண்டாவது டிஸ்க் ஒன்றும் வாங்கப்பட்டது. இரண்டுமே தனித்தனியாக `init` செய்யப்பட்டவை, ஒரே கடவுச்சொல், விண்டோஸில் இரண்டுக்கும் E என்ற எழுத்தே ஒதுக்கப்பட்டது. ஆகவே எதைச் செருகினாலும் அதே வரிகள் ஓடும். ஒன்று அலுவலகத்தில் இருக்கும்போது மற்றது கடையத்தில் அவருடைய தாயார் வீட்டு மாடியில் இருக்கும். மாதம் ஒரு முறை ஊருக்குப் போகும்போது மாற்றிக்கொண்டு வருவார். இரண்டு டிஸ்க்கும் ஒரே நாளில் ஒரே கட்டடத்தில் தங்கக் கூடாது என்பது மட்டும்தான் விதி. ஒரு நாள் இரவு மட்டும்தானே என்று சலுகை கேட்டபோதும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. இன்னொரு மழை வந்து அலுவலக டிஸ்க் போனால், பழைய திட்டங்கள் கடையத்திலிருந்து வரும். கடந்த சில வார வேலை சிங்க்கிலிருந்து வரும். 2023 வெள்ளத்தில் பல பகுதிகளில் மின்சாரமும் செல்போன் தொடர்பும் நாள்கணக்கில் இல்லாமல் போனதையும் கணக்கில் எடுத்தால், இணையத்தைத் தொடாமல் கையில் எடுத்து வரக்கூடிய நகல் ஒன்று இருப்பதன் அருமை விளங்கும்.

டிஸ்க்கை எப்போதும் செருகியே வைத்திருக்க வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல் ஒன்று புகுந்தால், எழுத முடிகிற எல்லா டிஸ்க்கையும் அது தொடும். சிங்க் ஃபோல்டரில் பூட்டிய கோப்புகள் அப்படியே இணையத்துக்கும் ஏறும். மாலை ஆறு மணிக்குச் செருகி, பேக்கப் முடிந்ததும் கழற்றுவது வரைவாளரின் பொறுப்பு.

அவரே செய்யும் இன்னொரு வேலைதான் இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது. வாரம் ஒரு முறை `restic snapshots` என்று கொடுத்து, சென்ற வாரத்தின் அடையாள எண்ணையும் இன்றையதையும் எடுத்து, இரண்டையும் ஒப்பிடுவார்.

```
restic -r E:\kaappu diff 4f1c02ab 9be77d30
```

கடைசியில் வரும் சில வரிகளில், எத்தனை கோப்பு புதிது, எத்தனை நீக்கப்பட்டது, எத்தனை மாறியது என்ற எண்ணிக்கை இருக்கும். சாதாரண வாரத்தில் நீக்கப்பட்டவை ஒற்றை இலக்கத்திலோ, சிறிய இரட்டை இலக்கத்திலோ நிற்கும். removed என்பதற்கு முன்னால் திடீரென்று பல நூறு வந்தால் யாரோ ஒரு ஃபோல்டரை அழித்திருக்கிறார்கள் அல்லது பெயர் மாற்றியிருக்கிறார்கள். எந்தக் கோப்புகள் என்று மேலே பட்டியலும் இருக்கும். changed என்பதில் ஆயிரக்கணக்கில் வந்தால், முடிந்துபோன வீடுகளின் கோப்புகள் ஒரே வாரத்தில் மாறக் காரணம் ஏதும் இல்லாததால், தீநிரலைச் சந்தேகித்து இணைய இணைப்பைத் துண்டிக்க வேண்டும். ஆனியில் நடந்தது இந்த ஒப்பீட்டில் ஒரு வாரத்துக்குள் கண்ணில் பட்டிருக்கும். அப்போது சேவையின் குப்பைத் தொட்டியே போதுமானதாக இருந்திருக்கும், டிஸ்க்கைத் தொட வேண்டிய தேவைகூட வந்திருக்காது.

சில மாதங்கள் இப்படி ஓடிய பிறகு, மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நம்ப வேண்டாம் என்று சொல்லி, ஒரு சனிக்கிழமை மாலை ஃபோல்டர் முழுவதையும் வேறோர் இடத்தில் இறக்கி, பழைய திட்டம் ஒன்றைத் திறந்து பார்க்கச் சொன்னேன்.

```
restic -r E:\kaappu restore latest --target D:\meetpu
```

கோப்புகள் எண்ணிக்கை மாறாமல் வந்தன. வரைவாளரின் புதிய லேப்டாப்புக்கு அந்தத் திட்டத்தைக் கொண்டுபோய்த் திறந்தபோது, தூண்களும் சுவர்களும் சரியாக இருந்தன. மனையின் நில அளவை வரைபடம் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது, தமிழில் எழுதிய குறிப்புகள் கேள்விக்குறிகளாக வந்தன. ஆட்டோகேட் வரைபடம் ஒன்று இன்னொரு வரைபடத்தை எக்ஸ்ரெஃப் என்ற முறையில் வெளியிலிருந்து அழைத்துக்கொள்ளும்; அழைக்கப்படும் கோப்பு எந்தப் பாதையில் இருக்கிறது என்பதை மட்டுமே அது தன்னுள் வைத்திருக்கும். நில அளவைக் கோப்புகள் அலுவலகக் கணினியின் டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டரில் இருந்தன. எழுத்துருக்கள் விண்டோஸின் Fonts ஃபோல்டரில் இருந்தன. இரண்டுமே `D:\Projects`-க்கு வெளியே. சிங்க்கும் அவற்றைத் தொட்டதில்லை, பேக்கப்பும் தொட்டதில்லை; அலுவலகக் கணினியில் திறக்கும்போதெல்லாம் சரியாகத் தெரிந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவுமில்லை.

நில அளவைக் கோப்புகளை `D:\Projects`-க்குள் நகர்த்தி, பாதைகளைத் திருத்தி, எழுத்துருக்களின் நகல் ஒன்றையும் அங்கேயே வைத்தார்கள். இப்போது ஒரு திட்டம் முடிந்ததும், வரைபடம் அழைக்கும் எல்லாவற்றையும் திரட்டிக் கொடுக்கும் ஆட்டோகேட்டின் `ETRANSMIT` கட்டளையை ஓடவிட்டு, அந்த ஜிப் கோப்பையும் திட்டத்தின் ஃபோல்டரிலேயே போட்டுவிடுகிறார்கள். மீட்டுப் பார்ப்பது மூன்று மாதத்துக்கு ஒரு முறை நடக்கிறது. ஒவ்வொரு முறையும் வேறோர் ஆண்டின் திட்டத்தை, அலுவலகக் கணினியில் திறக்காமல், அதைத் திறந்தே இராத லேப்டாப்பில் திறந்து பார்க்கிறார்கள்.